என் குரல் திரும்பக் காரணமானவர்களுக்கு

கடலூர் துறைமுகத்தில் 18 வருடமாக மீன் ஏலம் விடுகிறேன். போன வருடக் கடைசியில், வரத்து அதிகமான ஒரு விடியற்காலையில் கத்திக்கொண்டிருக்கும்போதே தொண்டை கம்மிப்போனது. மூன்று வாரமாகியும் சரியாகவில்லை. புதுச்சேரியில் காது மூக்குத் தொண்டை டாக்டர் கேமரா விட்டுப் பார்த்தார். இடது குரல்நாணின் ஓரத்தில் சிவப்பாகச் சின்னச் சதை வளர்ச்சி, பாலிப் என்றார். மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி அதை எடுத்தார்கள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. குழாய் அழுத்தியதில் நாக்கு மட்டும் சில நாள் மரத்துக் கிடந்தது.

டாக்டருக்கும் நர்ஸ் அம்மாக்களுக்கும் முதல் நன்றி. அடுத்த நன்றி பேச்சுப் பயிற்சி கொடுத்த தங்கைக்கு. ஏழு நாள் ஒரு சத்தமும் கூடாது என்று சொன்னதோடு விடாமல், ஏன் என்றும் அவள்தான் விளக்கினாள். பாலிப்பை எடுத்த இடம் தோல் உரிந்த புண் மாதிரி இருக்கும். பேசினால் இரண்டு நாண்களும் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை ஒன்றோடொன்று மோதும். அந்தப் புண் தழும்பாகி இறுகிவிட்டால் நாண் சரியாக அதிராது, குரல் கரகரப்பாகவே நின்றுவிடலாம்.

அப்படியும் நான்காம் நாள் தப்பு செய்தேன். மகள் போன் செய்தபோது, சத்தம் வரவில்லையே என்று கிசுகிசுத்துப் பேசினேன். கழுத்து இறுகி வலித்தது. கிசுகிசுப்பதும் ஓய்வில்லை, தொண்டையை அழுத்தித்தான் அந்தக் காற்றை விடுகிறோம் என்று தங்கை அப்புறம் சொன்னாள். தொண்டையைச் செருமவும் கூடாது. செரும வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்கிவிட வேண்டும். அந்த ஏழு நாளும் தன் சிலேட்டையே எனக்குக் கொடுத்துவிட்டு, நான் எழுதியதையெல்லாம் வீட்டுக்கு வாசித்துச் சொன்ன பேத்திக்கு என் முத்தம்.

எட்டாம் நாள் வந்த முதல் சத்தம் பேச்சில்லை. டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை ஒரு விரல் அகலம் அமிழ்த்தி, குமிழி வர 'ஊ' என்று ஊதினேன். மெலிதாக, உடையாமல் வந்தது. அழுதுவிட்டேன். அப்புறம் மணிக்கு ஐந்து நிமிடம் பேச்சு, இரண்டு நாளைக்கு ஒருமுறை இன்னும் ஐந்து நிமிடம். சாயங்காலக் குரல் காலைக் குரலைவிடக் கரகரத்தால் மறுநாள் கூட்டக் கூடாது. இரண்டு நாள் அப்படி நின்றேன்.

இந்த ஆறு வாரமும் என் இடத்தில் நின்று ஏலம் விட்டு, என் கமிஷனை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? கூடை தூக்கும் தம்பிகள் காசு போட்டு, இடுப்பில் கட்டும் சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் வாங்கித் தந்தார்கள். திங்கட்கிழமை அதைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். முதல் கூடை சங்கரா. கத்தாமலே விலை கேட்டேன், கடைசியில் நின்ற வியாபாரி வரைக்கும் கேட்டது.