காலைதோறும் ஒரு வசனம்

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

வானொலியின் காலைத் தியானத்துக்கு நீ எழுதி அனுப்பியதைக் கடிகாரத்தை முன்னால் வைத்துச் சத்தமாக வாசித்தேன். ஏழரை நிமிடம் வந்தது. முன்னும் பின்னும் வரும் இசை போக உன் கையில் இருப்பது நாலேகால் நிமிடம்தான். நிதானமாக வாசித்தால் எனக்கு நிமிடத்துக்கு 90 சொல் ஓடும். அந்தக் கணக்கில் ஜெபத்தையும் சேர்த்து 380 சொல்லுக்குள் முடிக்க வேண்டும்.

புலம்பல் 3:22, 23 நல்ல தேர்வு. ஆனால் 22-ஆம் வசனம் 'நாம் நிர்மூலமாகாதிருக்கிறது' என்று தொடங்குகிறது. தூக்கக் கலக்கத்தில் கேட்கிறவருக்கு அது பிடிபடுவதற்குள் நீ அடுத்த வரிக்குப் போயிருப்பாய். திருப்பிப் பார்க்க அவர் கையில் புத்தகம் இல்லை. அதனால் 23-ஐ மட்டும் வாசி. அதிலும் 'அவைகள்' என்பது எதைச் சொல்கிறது என்று தெரியாதே! 'கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றி வேதம் சொல்கிறது' என்று முதலில் சொல்லிவிட்டு, 'அவைகள் காலைதோறும் புதியவைகள். உமது உண்மை பெரிதாயிருக்கிறது' என்று வாசி. சிந்தனை முடிந்ததும் இன்னொரு தடவை வாசி.

நேபுகாத்நேச்சாரின் படையெடுப்புக்கு நீ ஒரு பக்கம் கொடுத்திருக்கிறாய். 'எருசலேம் இடிந்து கிடக்கிறது. தெருமுனையில் பிள்ளைகள் பசியால் மயங்குகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சொன்ன வார்த்தை இது.' இவ்வளவு போதும். அப்புறம் நேராக இன்றைக்கு வந்துவிடு. இரவெல்லாம் நோயாளியின் பக்கத்தில் விழித்திருந்து, வெளுக்கும் நேரத்தில் வானொலியைத் திருப்புகிறவரை நினைத்து எழுது. மூன்று கருத்து வேண்டாம், அவருக்கு ஒன்று போதும்.

ஜெபத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். சிந்தனையில் சொன்னதையே 'ஆண்டவரே' சேர்த்து மறுபடி சொல்லியிருக்கிறாய். அது கேட்பவருக்கு இன்னொரு பிரசங்கமாகிவிடும். 'நம்முடைய கவலைகளை நீக்கும்' என்றும் எழுதியிருக்கிறாய். 'நாம்' என்றால் ஆண்டவரையும் சேர்த்தல்லவா ஆகிறது? கேட்பவரோடு பேசும்வரை 'நாம்', ஜெபத்தில் 'நாங்கள்'. அந்த இடத்தில் குரல் தானாகத் திரும்பும்.

இந்தப் பகுதியே அப்படித் திரும்புவதைக் கவனித்தாயா? 'அவருடைய இரக்கங்கள்' என்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், 'உமது உண்மை' என்று அவரிடமே பேச ஆரம்பித்துவிடுகிறார். உன் ஜெபத்தையும் அங்கிருந்தே தொடங்கு: 'ஆண்டவரே, உமது உண்மை பெரிது. தூங்காமல் விடிந்த எங்களுக்கு இந்த ஒரு நாளுக்கான பெலனைத் தாரும். ஆமென்.' ஐந்தாறு வரிக்கு மேல் போகாதே.

திருத்தியதும் தங்கச்சிக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு. காகிதத்தைக் கொடுக்காமல், வசனம் என்ன என்று கேள். அவர்கள் சொன்னதை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்