எந்த மாவட்டத்துப் பிள்ளை இவள்?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தலைவர், உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

மாவட்ட ஒதுக்கீட்டின் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. கலைத்துறை தவிர்ந்த பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவில் இருந்தவர்கள் சுமார் 92,000 பேர். ஆயிரம் இடமுள்ள பாடநெறியில் அந்த 55 வீதத்திலிருந்து எங்களுக்கு வருவது இரண்டோ மூன்றோ இடம்தான். அந்த இரண்டு மூன்றிலும் என் மகளுக்குப் பங்கில்லை என்கிறது உங்கள் விதி.

அவள் துணுக்காயில் முதலாம் வகுப்பிலிருந்து சாதாரண தரம் வரை படித்தவள். பெறுபேறு நன்றாகவே வந்தது. ஆனால் உயர்தர இணைந்த கணிதத்துக்குப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இல்லை. பௌதிகவியல் ஆசிரியரும் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். "வைச்சிருந்தால் பிள்ளையின்ர காலம் வீணாகும்" என்று சொல்லி, அதிபரே விடுகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுத் தந்தார். யாழ்ப்பாணத்தில் தங்கச்சி வீட்டில் விட்டேன். ஒரு பெட்டி உடுப்பு, ஒரு மூட்டை நெல்லரிசி, அவ்வளவுதான் கொடுத்துவிட முடிந்தது. பெறுபேற்றுத் தாளில் மாவட்ட நிலையைப் பார்த்தபோதுதான் அவள் யாழ்ப்பாண மாவட்டத்துப் பிள்ளை ஆகிவிட்டாள் என்பது எங்களுக்கு விளங்கியது. அவளுடைய இசட் புள்ளி முல்லைத்தீவு வெட்டுப்புள்ளிக்கு மேலே, யாழ்ப்பாண வெட்டுப்புள்ளிக்குக் கீழே.

பரீட்சைக்கு முந்திய 3 ஆண்டுகளில் கூடிய காலம் எங்கே படித்தாளோ அதுதான் மாவட்டம் என்கிறீர்கள். வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்துக்கு உயர்தரத்துக்கு மட்டும் வந்து இடம் பிடிப்பவர்களைத் தடுக்க அந்த விதி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியர் இல்லாமல் வெளியேறும் பிள்ளையையும் அதே விதி பிடிக்கிறது. உயர்தர வகுப்பே இரண்டு வருடத்துக்கு மேல் என்பதால் இந்தக் கணக்கில் அவளால் ஒருநாளும் தப்ப முடியாது. பின்தங்கிய மாவட்டம் என்று எழுதியவர்களே, பின்தங்கியிருப்பதன் விளைவுக்காக அவளைத் தண்டிக்கிறீர்கள்.

மாவட்டம் என்ற அலகே எங்களுக்குப் பெரிதாக இருக்கிறது என்பது வேறு கதை. அந்த 16இல் யாழ்ப்பாணமும் இருக்கிறது, முல்லைத்தீவும் இருக்கிறது. கணித, விஞ்ஞானப் பிரிவு நடக்கும் நகரப் பாடசாலையும் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கும் பாடசாலையும் ஒரே கணக்கில்தான் வருகின்றன. ஆசிரியரை அனுப்புவது உங்கள் வேலை இல்லை, தெரியும். அனுப்ப வேண்டியவர்களுக்கும் எழுதிக் களைத்துவிட்டோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஆறாம் வகுப்பிலிருந்து சாதாரண தரம் வரை ஒரு மாவட்டத்தில் படித்த பிள்ளை, எடுத்த பாடத்துக்கு அங்கே ஆசிரியர் இல்லை என்று வலயக் கல்விப் பணிப்பாளர் உறுதிப்படுத்தினால், அந்த மாவட்டத்துப் பிள்ளையாகவே கணக்கிடப்பட வேண்டும். உயர்தரத்துக்கு மட்டும் வருபவருக்கு இது வழிவிடாது. தயவுசெய்து அடுத்த அனுமதிக் கைநூல் அச்சாகும் முன் இந்த விதியைத் திருத்துங்கள். என் இளைய மகள் இப்போது பத்தாம் வகுப்பு.

இப்படிக்கு,
துணுக்காயிலிருந்து ஒரு தந்தை