அப்பாவின் அரைத் துண்டு மீன்

அன்பு மகனுக்கு,

போன ஞாயிறு நீ வீடியோவில் கதைத்தபோது உன் சாப்பாட்டுக் கணக்கைப் படம் பிடித்து அனுப்பினாய். அதை அப்போதே சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவோடு உட்கார்ந்து பார்த்தேன். முப்பது வருடம் மனைப் பொருளியல் படிப்பித்தவளிடம் அந்தத் தாளைக் காட்டினால் சும்மா இருப்பேனா?

ஒரு நாளைக்கு 154 கிராம் புரதம் என்று மேலே எழுதியிருக்கிறாய். உன் எடை 70 கிலோ. 154 எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசித்தேன், பிறகு பிடிபட்டது. 70 கிலோ என்பது 154 இறாத்தல். ஜிம்மில் யாரோ இறாத்தலுக்கு ஒரு கிராம் என்று சொல்லியிருக்கிறார்கள், நீயும் அப்படியே எழுதிக்கொண்டாய். உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சொல்வது கிலோவுக்கு 0.83 கிராம்தான். உனக்கு அது 58 கிராம். பாரம் தூக்கிச் சதையை வளர்க்கிறவர்களுக்குக் கூடத் தேவை, சரி. ஆனால் கிலோவுக்கு 1.6 கிராமளவைத் தாண்டினால் சதை கூடுவதில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. உனக்கு அது 112. மிச்சம் 42 கிராமை உடம்பு எரித்து, கழிவை மூத்திரத்தில் விட்டுவிடும். அந்தப் பவுடர் டப்பாவின் காசில் பாதி அப்படித்தான் போகிறது.

இன்னொரு பிழையும் இருக்கிறது. கோழி நெஞ்சு இறைச்சி 200 கிராம், புரதம் 62 என்று போட்டிருக்கிறாய். எந்த நேரத்தில் நிறுத்தாய், அவிக்க முன்னா பின்னா? பச்சையாக என்றால் அதில் 45 கிராம்தான் இருக்கும். 100 கிராம் பச்சை இறைச்சியில் 22, 23 கிராம் புரதம். அதை அவித்தால் தண்ணீர் வடிந்து 75 கிராமாகச் சுருங்கும், புரதம் அதே 22, 23தான். அதனால்தான் சமைத்த இறைச்சிக்கு 100 கிராமுக்கு முப்பது என்று அட்டவணையில் போடுகிறார்கள். பச்சையாக நிறுத்துவிட்டு, சமைத்த இறைச்சியின் எண்ணால் பெருக்கியிருக்கிறாய். நம் வீட்டுக் கறியில் எலும்பும் சேரும். கடையில் வாங்கும் ஒரு கிலோ கோழியில் எலும்பு எவ்வளவு போகிறது என்று சாப்பிட்டு முடிந்த கோப்பையைப் பார்த்தாலே விளங்கும்.

முட்டைக்கு வருவோம். ஒரு முட்டையில் ஆறு கிராம் சொச்சம். வெள்ளையில் மூன்றரை, மஞ்சளில் இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே. மஞ்சளைக் கொட்டிவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுகிறாய் என்றால், முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கைக் குப்பையில் போடுகிறாய். அதைவிடப் பெரிய கூத்து, பாலில் பச்சை முட்டையை அடித்துக் குடிப்பது. அக்கா சாமத்தியப்பட்டபோது அப்பம்மா வந்திருந்து ஒவ்வொரு காலையும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்க வைத்தது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது சின்னவன். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவித்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேரும், பச்சையில் பாதியளவுதான். பாவம் பிள்ளை, வீணாக அழுதிருக்கிறாள்.

உன் கணக்கைத் திருத்தியபோது எனக்கு வேறொரு யோசனை வந்தது. அப்பாவுடையதைப் பார்ப்போமே என்று. அவருக்கு இப்போது 71, எடை 58 கிலோ. வயது போனவர்களின் உடம்பு புரதத்தை முன்போல் சுலபமாகச் சதையாக்காது. அதனால் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும், 1.2 வரை போனாலும் நல்லது. ஆகவே 58 முதல் 70.

செவ்வாய்க்கிழமை அவருக்குச் சொல்லாமல் நிறுத்துப் பார்த்தேன். காலையில் மூன்று துண்டு பாண், சம்பல், பால்மா போட்ட தேத்தண்ணி. பாணில் எட்டு, மற்றதெல்லாம் சேர்த்து மூன்று. தேத்தண்ணிக்குப் போடும் இரண்டு தேக்கரண்டி பால்மாவில் இரண்டு கிராமுக்குமேல் இல்லை. அதைப் பால் குடித்ததாகக் கணக்குப் பார்க்கிறார்! ஒரு கிளாஸ் பாலில்தான் ஆறு, ஏழு கிராம் இருக்கிறது. கடையில் விற்கும் சின்னக் கப் யோகட்டில் மூன்று, நான்கு.

மத்தியானம் அறக்குளாக் குழம்பு. துண்டைச் சட்டியில் போட முன் நிறுத்தேன், 120 கிராம். நடு முள்ளும் தோலும் போகச் சதை 105 இருக்கும், அதில் 21 கிராம் புரதம். ஆட்டிறைச்சியோ கோழியோ இதே அளவு சதையில் கிட்டத்தட்ட அதேதான். மீன் குறைந்தது என்று நினைக்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஆனால் அவர் துண்டைக் கரண்டியால் இரண்டாகப் பிளந்து, பாதியை என் கோப்பைக்குத் தள்ளிவிட்டார். இது முப்பது வருடப் பழக்கம், நானும் அன்பு என்று நினைத்துச் சாப்பிட்டுவந்தேன். மிச்சப் பாதித் துண்டும் சோறு, பருப்பு, மரக்கறியும் சேர்த்து மத்தியானத்துக்கு 21. பின்னேரம் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் மூன்று. இரவு ஐந்து இடியப்பமும் சொதியும் ஐந்து. மொத்தம் நாற்பது.

நீ தேவைக்கு மேலே 42 சாப்பிடுகிறாய், இவர் குறைந்தது 18 குறைவாகச் சாப்பிடுகிறார். அதனால்தான் போன மாதம் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாரோ என்று ஒரு எண்ணம். அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

புதன்கிழமையிலிருந்து காலையில் ஒரு அவித்த முட்டை, மத்தியானம் முழுத் துண்டு மீன், படுக்க முன் ஒரு கிளாஸ் பால். ஆறும் பதினொன்றும் ஆறும் சேர்த்தால் நாற்பது அறுபத்துமூன்றாகிறது. வெள்ளிக்கிழமை சைவம், முட்டையும் இல்லை. அன்றைக்குத் தயிரும், அவித்த கடலையும், பருப்பும். அரிசிப் புரதத்தில் குறைவதைப் பருப்பு கொடுக்கும், பருப்பில் குறைவதை அரிசி. ஆனாலும் வெள்ளியன்று ஐம்பதைத் தாண்டவில்லை. ஒரு நாள்தானே, பரவாயில்லை. மீன் கிடைக்காத நாளில் நெத்தலிக் கருவாட்டைப் பொரித்துவிடுவேன், காய்ந்த நெத்தலி பத்துக் கிராமிலேயே ஆறு இருக்கிறது. உப்பு அதிகம், பிரஷர்காரருக்கு அடிக்கடி கொடுக்க முடியாது.

இதெல்லாம் தொடங்க முன் அவருடைய இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்தேன், டாக்டரிடமும் கேட்டேன். சலரோகக்காரர் அல்லவா. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியவர்களுக்குப் புரதத்தைக் கூட்டக் கூடாது, குறைக்கத்தான் சொல்வார்கள். இவருக்குக் கிரியேட்டினின் நன்றாக இருக்கிறது, கூட்டலாம் என்றார். நீயும் ஒருதரம் பார்த்துக்கொள்.

அப்பாவுக்கு இன்னும் முழுத் துண்டு இறங்கவில்லை. நேற்றும் பிளந்து தள்ளினார். நான் என் கோப்பையை மேசையின் மற்றப் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா
வெள்ளவத்தை