‘வரை’ என்ற சொல்லையும் பெரிதாக எழுதுங்கள்: பணப்பரிமாற்றச் செயலி நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பது உங்கள் கியூஆர் அட்டை. பணம் விழுந்ததும் குரல் கொடுக்கும் பெட்டியும் உங்களுடையதுதான். ஆகவே, பணம் கட்டியதும் பரிசு என்று உங்கள் செயலியில் வந்து விழும் ஸ்கிராட்ச் கார்டு என்றால் என்ன என்று உங்களுக்கே நான் விளக்கப் போவதில்லை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அது எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் மாலை, தோப்பு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் கடைக்கு வந்தார். வழக்கமாக 199 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்பவர். அன்று உங்கள் செயலியில், ‘₹299க்கு ரீசார்ஜ் செய்யுங்கள், ₹100 வரை கேஷ்பேக்’ என்று தமிழில் வந்திருந்தது. அதில் 100 என்ற எண் கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தது. ‘வரை’ என்ற சொல் அதன் காலடியில் எறும்பு போல ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் போட்ட கணக்கு எளிது: நூறு ரூபாய் அதிகம் கொடுக்கிறோம், நூறு ரூபாய் திரும்பி வருகிறது, கூடுதல் டேட்டா இனாம். பணம் கட்டினார். கார்டு வந்தது. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, என் கடை விளக்கின் கீழே நின்று சுரண்டினார். போன் திரையில் காகிதத் துகள்கள் பறந்தன. ‘வாழ்த்துகள்! ₹3 வென்றீர்கள்!’

“மிச்சம் எப்போது வரும் தம்பி?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் உங்கள் நிபந்தனைகளை முதல் முறையாக முழுவதும் படித்தேன். மிச்சம் வராது. நீங்கள் தருவதாகச் சொன்னது நூறு ரூபாய் அல்ல. ‘ஒரு ரூபாயிலிருந்து நூறு ரூபாய்க்குள் ஏதோ ஒரு தொகை’. உச்சவரம்பு கார்டின் முகத்தில் இருக்கிறது, கீழ்வரம்பு நிபந்தனைகளின் நடுவில் இருக்கிறது. நூறு பேர் சுரண்டினால் எத்தனை பேருக்கு நூறு கிடைக்கும் என்பது எங்குமே இல்லை. ஆக, அக்கா நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார், மூன்று திரும்பியது. தொண்ணூற்றேழு ரூபாய்க்குத் தனக்குத் தேவைப்படாத டேட்டாவை வாங்கியிருக்கிறார். பொருள் கிடைக்காமல் போகவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார்டைப் பார்க்காமல் இருந்திருந்தால் அதை அவர் வாங்கியிருக்க மாட்டார். அந்தத் தொண்ணூற்றேழில் அவருடைய வீட்டுக்கு இரண்டு நாள் காய்கறி வந்திருக்கும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கார்டு என்ன தருகிறது என்பதைக் கார்டின் முகத்திலேயே, அதே மொழியில், அதே அளவு எழுத்தில் சொல்லுங்கள். ‘₹1 முதல் ₹100 வரை’ என்று எழுத எவ்வளவு இடம் பிடிக்கும்?

அதே மொழியில் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆசை காட்டும் வரி தமிழில் இருக்கிறது. அதைத் திறந்தால் நிபந்தனைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிமுறைகளைப் படித்திருப்பீர்கள். விளம்பரத்தின் உறுதிமொழி எந்த மொழியில் இருக்கிறதோ, அந்த மொழியிலேயே அதன் மறுப்புக் குறிப்பும் இருக்க வேண்டும், எழுத்துருவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது அது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

இன்னொரு வகைக் கார்டும் உங்களிடம் இருக்கிறது. அதிலும் ‘₹500 வென்றீர்கள்’ என்றுதான் வரும், அதே துகள்கள்தான் பறக்கும். ஆனால் அது பணம் அல்ல. 1,999 ரூபாய்க்குக் கைக்கடிகாரம் வாங்கினால் ஐந்நூறு குறைப்பார்கள் என்ற கூப்பன். கடைக்கு வருகிறவர்களுக்கு நானே இப்போது அடையாளம் சொல்லிக் கொடுக்கிறேன். எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடும் அதை நகலெடுக்க ஒரு பொத்தானும் இருந்தால் அது கூப்பன். அடுத்தவர் கடைக்கு நீங்கள் ஒட்டும் நோட்டீஸ். பணம் என்றால் வங்கிக் கணக்கில் வரவு வைத்ததாக எழுதியிருக்கும், பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண் இருக்கும், பாஸ்புத்தகத்தில் ஒரு வரி ஏறும். பாஸ்புத்தகத்தில் ஏறாத எதையும் வென்றதாக எண்ண வேண்டாம் என்கிறேன். இந்த வேலையை உங்கள் கார்டே செய்யலாமே? ‘பணம்’ அல்லது ‘கூப்பன்’ என்று ஒரே ஒரு சொல் போதும்.

அந்த ஒரு சொல் இல்லாததால்தான் திருடனுக்கும் கதவு திறந்திருக்கிறது. இதே பரிசுப் படத்தை வரைந்து, ‘கேஷ்பேக்கைப் பெற்றுக்கொள்ள யுபிஐ பின் போடுங்கள்’ என்று அனுப்புகிறார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையில்லை, பின் எண் கேட்டால் அது நம் கணக்கிலிருந்து பணம் போகிற வேலை என்று கல்லாவுக்கு மேலே அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பளபளப்பைக் கண்டால் விரலை வைக்கும்படி மக்களைப் பழக்கியது யார் என்று மட்டும் எழுதவில்லை. சுரண்டுவது என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருள் இருப்பதை உங்கள் மொழிபெயர்ப்பாளர் சொல்லவில்லை போலும்.

எல்லையில் இருப்பதால் எங்களுக்குத் தனியாக ஒரு குழப்பமும் உண்டு. தமிழ்நாட்டில் வசிப்போருக்கு இந்தச் சலுகை இல்லை என்று கடைசி வரிகளில் ஒன்று சொல்கிறது. தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம், 1979 என்று காரணமும் காட்டுகிறது. பொருள் வாங்குவோருக்கு அதிர்ஷ்டத்தை வைத்துப் பரிசு தரும் திட்டங்களைத் தடுக்கும் சட்டம் அது. சட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே பாதிப் பேருக்கு வீடு எல்லையூரான வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம், வங்கிக் கணக்கு பொள்ளாச்சியில். நீங்கள் பார்ப்பது வீட்டையா, கணக்கையா, அந்த நேரத்தில் போன் இருக்கும் இடத்தையா? பணம் கட்டுவதற்கு முன்பே ‘இது உங்களுக்குப் பொருந்தும்’ அல்லது ‘பொருந்தாது’ என்று சொல்லிவிட்டால் நாங்கள் சட்டப் புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை.

என் கடைக்கு எதிரே லாட்டரிச் சீட்டு விற்கிறார்கள். 2003இல் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்த பிறகு, எல்லை தாண்டி வந்து வாங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். லாட்டரிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதில் குடி கெட்டவர்களையும் அறிவேன். ஆனாலும் அந்தச் சீட்டை எடுத்துப் பாருங்கள். விலை அச்சாகியிருக்கிறது, குலுக்கல் நாள் அச்சாகியிருக்கிறது, முதல் பரிசு எவ்வளவு, அடுத்தடுத்த பரிசுகள் எவ்வளவு என்ற பட்டியல் பின்புறத்தில் இருக்கிறது. சூதாட்டம் என்று பெயர் வாங்கிய காகிதம் தன் கணக்கைக் காட்டுகிறது. பரிசு என்று பெயர் வைத்துக்கொண்ட உங்கள் கார்டு ஏன் மறைக்கிறது?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் செயலியால் சில்லறைத் தொல்லை தீர்ந்திருக்கிறது, அதற்கு நன்றி உண்டு. கார்டுகளை நிறுத்தச் சொல்லவும் இல்லை. குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு, பணமா கூப்பனா, யாருக்குப் பொருந்தாது: இவற்றைக் கார்டின் முகத்திலேயே, அதே மொழியில், அதே அளவு எழுத்தில் எழுதும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பதை அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் உங்களிடமே கேட்பதுதான் முறை என்று பட்டது.

அவருடைய போனில் இன்னொரு கார்டு பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்க இன்னும் ஒரு ரீசார்ஜ் செய்ய வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறதாம். திறக்கலாமா என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் கியூஆர் அட்டையை வைத்திருக்கும் கடைக்காரன்,
கொழிஞ்சாம்பாறை