லிஃப்ட் பழுது: டிசம்பர் 27 வரையான ஏற்பாடுகளும் நன்கொடை வேண்டுகோளும்

அன்பார்ந்த குடியிருப்போருக்கு, வணக்கம்.

டிசம்பர் 2 காலையிலிருந்து நம் லிஃப்ட்டை நிறுத்தி வைத்திருக்கிறோம். எல்லாம் திட்டப்படி நடந்தால் டிசம்பர் 24 அன்று ஓடத் தொடங்கும். இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகலாம் என்பதால் டிசம்பர் 27 என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஓட்டவே முடியாதா, "மெதுவா ஏத்தி இறக்கிட்டு இருக்கலாமே" என்று பலரும் கேட்டார்கள். முடியாது. ஏன் என்று சொல்லிவிடுகிறோம்.

சில மாதங்களாகவே கேபின் தளத்தோடு சரியாக நிற்காமல் ஒரு விரற்கடை கீழேயோ மேலேயோ நின்றதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சென்சார் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை சரிசெய்யச் சொன்னோம். சில நாளில் மறுபடி அதேதான். இந்த முறை மொட்டை மாடி மெஷின் ரூமில் மெக்கானிக் கவரைக் கழற்றியதும் உண்மையான காரணம் தெரிந்தது. கயிறுகள் ஓடும் பெரிய இரும்புச் சக்கரத்தை அவர்கள் ஷீவ் என்கிறார்கள். நம் ஷீவில் நான்கு பள்ளங்கள், நான்கு கம்பிக் கயிறுகள். கயிறுகளின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துக் காட்டினார். நான்கும் ஒரே உயரத்தில் இருந்தால் ஸ்கேல் எல்லாவற்றையும் தொட வேண்டும். நடுவிலிருந்த இரண்டு கயிறுகளுக்கும் ஸ்கேலுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. அந்த இரண்டு பள்ளங்களும் அவ்வளவு தேய்ந்து, கயிறு உள்ளே இறங்கிவிட்டது. சக்கரத்தைச் சுற்றிச் செங்கல் பொடி போலத் துரு உதிர்ந்து கிடந்தது. அது கயிற்றின் உள்கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தேய்வதற்கு அடையாளம். இரண்டு கயிறுகளில் அறுந்த கம்பி நுனிகளும் துருத்திக்கொண்டிருந்தன.

கயிறு அறுந்து லிஃப்ட் விழுந்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஆளேறிய கேபினைத் தாங்க ஒரு கயிறே போதும். நம் சிக்கல் வேறு. ஒரு பக்கம் கேபின், மறுபக்கம் எதிர் எடை, நடுவில் சக்கரம். கயிற்றைச் சக்கரத்தில் யாரும் கட்டிவைக்கவில்லை. பள்ளத்தில் உண்டாகும் உராய்வுதான் பிடித்துக்கொள்கிறது. பள்ளம் தேய்ந்தால் பிடி போகும். பிரேக் சக்கரத்தை நிறுத்திவிடும், ஆனால் நின்ற சக்கரத்தின் மேல் கயிறு வழுக்கும். அதுவும் காலி கேபினை விட எதிர் எடை கனம் என்பதால், ஆள் குறைவாக இருக்கும்போது கேபின் மேல்நோக்கி வழுக்கப் பார்க்கும். கதவு திறந்து ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே இருக்கும் நேரத்தில் அது நடந்தால் என்னாகும் என்று யோசித்துப் பார்த்தோம். அன்றே நிறுத்திவிட்டோம்.

"கயிறை மட்டும் மாத்திட்டா செலவு பாதியாகுமே" என்று குழுவுக்குள்ளேயே ஒரு கருத்து வந்தது. ஆழம் மாறிய பள்ளங்களில் புதுக்கயிறு போட்டால், ஒரே சுற்றில் ஒரு கயிறு அதிக நீளமும் இன்னொன்று குறைவாகவும் ஓடும். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டக் கயிறு வழுக்கி வழுக்கியே தேயும். சீக்கிரமே இதே இடத்தில் வந்து நிற்போம். ஆகவே ஷீவையும் நான்கு கயிறுகளையும் சேர்த்தே மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

ஷீவ் 95,000 ரூபாய், கயிறுகளும் அவற்றின் பொருத்திகளும் 82,000, வேலைக்கூலியும் எடைச் சோதனையும் 48,000. 18 சதவீத ஜிஎஸ்டி 40,500 சேர்த்து மொத்தம் 2,65,500 ரூபாய். மாதாமாதம் ஏஎம்சி கட்டுகிறோமே என்ற கேள்வி நியாயமானது. நம் ஒப்பந்தம் வழக்கமான பராமரிப்புக்கும் அதற்கான ஆள்கூலிக்கும் மட்டும். கயிறும் ஷீவும், அவற்றை மாற்றும் கூலியும் அதில் வராது. கார்பஸ் ஃபண்டிலிருந்து 1,10,000 எடுக்கலாம். மீதி இருப்பதைத் தொட்டால் சம்ப் மோட்டார் பழுதானால் கையில் ஒன்றும் இருக்காது. ஆக, 1,55,500 ரூபாய் உங்களிடமிருந்து வர வேண்டும்.

இருபது வீட்டுக்கும் சமமாகப் பங்கு போட்டால் வீட்டுக்கு 7,775. ஆனால் பென்ஷனை மட்டும் நம்பி இருக்கும் வீடுகளுக்கும், லிஃப்ட்டை அதிகம் பயன்படுத்தாத முதல் மாடிக்காரர்களுக்கும் இதைக் கட்டாயமாக்க மனம் வரவில்லை. அதனால் நன்கொடையாகக் கேட்கிறோம். முடிந்தவர்கள் 8,000 அல்லது அதற்கு மேல் தாருங்கள். முடியாதவர்கள் தங்களால் இயன்றதைத் தாருங்கள். யார் எவ்வளவு தந்தார்கள் என்ற பட்டியல் நோட்டீஸ் போர்டில் வராது. வரவுசெலவுக் கணக்கு மட்டும் வரும்.

அவசரம் எதற்கு என்றால், பாதித் தொகையான 1,32,750 முன்பணம் கட்டினால்தான் ஷீவுக்கு ஆர்டர் எடுப்பார்கள். அதிலிருந்து பன்னிரண்டு வேலைநாளில் சரக்கு வரும். கழற்றி மாட்ட மூன்று நாள். பழைய ஷீவ் தண்டோடு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தால் இன்னொரு நாள். கடைசி நாள் 544 கிலோவுக்கும் கூடுதலாக எடை ஏற்றிப் பிரேக் பிடிக்கிறதா, கயிறு வழுக்குகிறதா என்று சோதிப்பார்கள். கார்பஸ் பணம் போக முன்பணத்துக்கு இன்னும் 22,750 தேவை. டிசம்பர் 6 மாலைக்குள் அது சேர்ந்தால் மேலே சொன்ன தேதி நிற்கும். ஒரு நாள் தாமதமானால் லிஃப்ட்டும் ஒரு நாள் தாமதம். ஜனவரியில் புதுக்கயிறு சற்று நீளும். அதைக் கத்தரித்துச் சரிசெய்ய மறுபடி அரை நாள் நிறுத்துவோம். அதற்குத் தனிச் செலவில்லை.

இனி, பெரியவர்கள் விஷயம். நான்காவது மாடியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகும் அம்மாவுக்கு, முதல் மாடியில் காலியாக உள்ள 1சி வீட்டை அதன் உரிமையாளர் இந்த மாதம் முழுக்க விட்டுத்தந்திருக்கிறார். அவருக்கு எங்கள் நன்றி. அங்கே இன்னும் ஓர் அறை இருக்கிறது. இதயக் கோளாறோ மூட்டு வலியோ உள்ளவர்கள், அறுவைசிகிச்சை முடிந்து வீடு திரும்புபவர்கள் தயங்காமல் கேளுங்கள்.

காலை 7 முதல் 9 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் நம் இளைஞர்கள் இரண்டு பேர் கீழே இருப்பார்கள். மற்ற நேரங்களில் இன்டர்காமில் வாட்ச்மேனைக் கூப்பிடுங்கள், ஆளை அனுப்புவார். பால், காய்கறி, மருந்து, தண்ணீர் கேன் எல்லாம் மேலே வந்து சேரும். அறுபது வயதுக்கு மேற்பட்ட யாரும் பை தூக்கிப் படியேற வேண்டாம். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். அதைத் தயவுசெய்து யாரும் வீட்டுக்குள் எடுத்துப்போகாதீர்கள்.

நடக்க முடியாதவர்களைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்காதீர்கள். எடை தாங்காமல் அதன் கால் விரிந்துவிடும். கைப்பிடியும் பெல்ட்டும் உள்ள இரும்பு நாற்காலி ஒன்று வாட்ச்மேன் அறையில் இருக்கிறது. இறங்கும்போது உட்கார்ந்திருப்பவர் முகம் படி இறங்கும் திசையில் இருக்க, நாற்காலியைச் சற்றுப் பின்பக்கம் சாய்த்து, மூன்று பேர் சேர்ந்து இறக்க வேண்டும். பயிற்சி எடுத்த பிள்ளைகள் வருவார்கள், அவர்களிடம் விட்டுவிடுங்கள். 108-ஐ அழைக்க நேர்ந்தால் முதலிலேயே "லிஃப்ட் இல்லை, இத்தனையாவது மாடி" என்று சொல்லிவிடுங்கள். அதற்குத் தகுந்தபடி அவர்கள் தயாராக வருவார்கள். அடுத்த அழைப்பு வாட்ச்மேனுக்கு.

நன்கொடையை மாதப் பராமரிப்புக் கட்டும் அதே வங்கிக் கணக்குக்கு அனுப்பி, குறிப்பில் "லிஃப்ட்" என்று வீட்டு எண்ணோடு எழுதுங்கள். ரொக்கமாகத் தருபவர்கள் மாலை 6 முதல் 8 வரை பொருளாளரிடம் தரலாம். கீழே வர முடியாதவர்கள் சொன்னால் நாங்களே வந்து வாங்கிக்கொண்டு ரசீது தருகிறோம்.

இப்படிக்கு,
நிர்வாகக் குழு,
குடியிருப்போர் நலச் சங்கம்