ஆறாம் கிழமைக் கச்சேரி

உவர்மலை,
திருகோணமலை

அன்புள்ள ராணி,

பதில் போடவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டடி, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் பேத்தி, வயது ஆறு கிழமை. பின்னேரம் ஆறு மணிக்குக் கச்சேரி தொடங்கினால் ஒன்பது மட்டும் ஓயாது. காலை மடக்கி, முகம் சிவக்கக் கத்துவாள். ஒவ்வொரு முறை குடித்த பிறகும் என் தோளில் ஒரு வாய் பால். மருமகன் ஆஸ்பத்திரி என்கிறான், சம்பந்தி கிரைப் வாட்டர் என்கிறா. மருத்துவிச்சியாக இத்தனை வருடம் வேலை செய்தவள் சொல் வீட்டில் எடுபடுமா!

இந்த அழுகை இரண்டு, மூன்று கிழமையில் தொடங்கி, ஆறாம் கிழமையில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானாக அடங்கும். பால் கக்குவது வேறு. இரைப்பை வாசல் இன்னும் இறுகவில்லை, அதனால் வழிகிறது. அநேகமாக ஒரு வயதுக்குள் நின்றுவிடும். கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தால் கிழமைக்கு இருநூறு கிராம் ஏறுகிறாள். நாளுக்கு ஆறு ஏழு துணி நனைகிறது. பிறகென்ன மருந்து?

மகள் பால் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். குனிந்து இருந்து கொடுக்கிறாள். பால் பீறிட்டு வர, பிள்ளை திணறி 'டக் டக்' என்று சத்தம் போடுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் வாய் சரியாகப் பொருந்தவில்லை, காற்றும் உள்ளே போகிறது என்று அர்த்தம். மகளைத் தலையணையில் நன்றாகச் சாயச் சொல்லி, பிள்ளையை நெஞ்சில் குப்புற வைத்தேன். தலை மேலே, நாடி மார்பில் பதிந்து, வாய் அகலத் திறந்திருக்க வேண்டும். பால் மேல்நோக்கி ஏற வேண்டியிருப்பதால் வேகம் குறைந்துவிடும். குடித்த பிறகு அரை மணித்தியாலம் நிமிர்த்தித் தோளில். கக்குவது குறைந்தது, அழுகை அப்படியேதான். நித்திரைக்கு மட்டும் மல்லாக்க, சமமான படுக்கையில், தலையணை இல்லாமல். புரைக்கேறும் என்று சம்பந்தி பயந்தா. மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கும், கக்கிய பால் அதற்குள் இறங்குவது கஷ்டம்.

ராணி, இனி விளையாட்டில்லை. உன் மருமகளுக்கும் நாள் நெருங்குகிறது, இதை அவளுக்கு வாசித்துக் காட்டு. சத்தி பச்சை நிறமாக வந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. குடல் முறுகியிருக்கலாம், ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம். குடித்த ஒவ்வொரு முறையும் எட்டிப் பாய்ச்சி அடித்து, உடனே திரும்பவும் பசியோடு தேடினால், இரைப்பையின் கீழ்வாசல் தடித்திருக்கலாம். சத்தியிலோ மலத்திலோ இரத்தம், வயிறு வீங்கி இறுகுவது, உச்சிக்குழி புடைப்பது, பால் மறுப்பது, துவண்டு கிடப்பது, மூன்று மாதத்துக்குள் 100.4 பாகைக் காய்ச்சல், இதில் எது வந்தாலும் அந்த நேரமே ஆஸ்பத்திரி.

அழுகை தாங்க முடியாவிட்டால் பிள்ளையைத் தொட்டிலில் பத்திரமாகக் கிடத்திவிட்டு, வெளியில் போய் நின்றுவிட்டு வரச் சொல். ஆத்திரத்தில் ஒருக்காலும் உலுக்கக் கூடாது.

மணி ஆறாகப் போகிறது, வைக்கிறேன்.

உன்
வசந்தி