கறியும் கரியும்

அன்புள்ள கீதாவுக்கு,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ கோபமாக இருப்பாய் என்று தெரியும். இரு, கோபித்துக்கொள்ள நிறைய நேரம் இருக்கிறது. முதலில் இதைப் படி. நீயும் உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வியட்நாம் போகிறாய் என்று சுமதி நேற்று போனில் சொன்னாள். டிக்கெட்கூடப் போட்டாயிற்றாமே! நான் அம்மாவோடு பத்து நாள் அங்கே இருந்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறேன். மலை, படகு, கோயில் எல்லாம் நீ போய்ப் பார்த்துக்கொள்வாய். நான் எழுதப் போவது சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான், ஏனென்றால் அம்மா விஷயத்தில் நான் செய்த தவறு உன் அப்பாவுக்கு நடக்கக் கூடாது.

முதல் மூன்று நாள் ஹனோயில். போன் கேமராவை மெனு கார்டுமேல் பிடித்தால் வியட்நாமிய எழுத்து மறைந்து அங்கேயே மொழிபெயர்ப்பு வந்து நிற்கிறது. அதைப் பார்த்த தைரியத்தில் இருந்தேன். 'பூண்டு போட்டு வதக்கிய கீரை' என்று ஒன்று எல்லாக் கடையிலும் இருந்தது. நம் வள்ளைக்கீரைதான். தண்டோடு நீளமாக வெட்டி, தீயைக் கூட்டி வைத்து, இரண்டு நிமிஷத்தில் வதக்கிப் பச்சை மாறாமல் கொண்டுவந்து வைப்பார்கள். அம்மாவுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. மூன்று நாளும் அந்தக் கீரையும் சோறும்தான். நான் நிம்மதியாக இருந்தேன்.

நான்காம் நாள் நின் பின் போனோம். சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே படகில் போவார்களே, அந்த ஊர். அதற்குள் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டிருந்தேன். சைவச் சாப்பாட்டுக்கு அவர்கள் மொழியில் 'சாய்', எழுதும்போது chay. சோறுக்கு 'கம்'. ஆகவே வரைபடத்தில் com chay என்று தட்டினேன். நடக்கும் தூரத்தில் ஏழெட்டுக் கடை வந்தது. அம்மாவிடம், "இந்த ஊர் முழுக்கச் சைவம்தாம்மா" என்றேன்.

முதல் கடையின் பெயர்ப்பலகையிலும் அந்த இரண்டு சொல்தான். உள்ளே போய் உட்கார்ந்தோம். தங்க நிறத்தில் பொரித்த சோற்று வில்லைகள் ஒரு தட்டில் வந்தன. அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி எடுத்துச் சின்ன வயதில் சண்டை போட்டுத் தின்போமே, அதே மணம். கூடவே ஒரு கிண்ணத்தில் பழுப்பு நிறக் குழம்பு. அம்மா வில்லையை உடைத்துக் குழம்பில் தோய்க்கப் போகும்போது உள்ளே எலும்பு தெரிந்தது. ஆட்டுக்கறி.

பலகையை மறுபடி பார்த்தேன். cháy என்று இருந்தது. a மேல் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். கோடு இல்லாவிட்டால் சைவம். கோடு இருந்தால் தீய்ந்தது, அடிப்பிடித்தது. பொரித்த சோற்று வில்லை அந்த ஊரின் பெயர்போன பண்டம். பெரும்பாலும் ஆட்டுக்கறிக் குழம்போடு கொடுப்பார்கள், இல்லாவிட்டால் பன்றி இறைச்சியைப் பஞ்சு மாதிரி உலர்த்தி மேலே தூவுவார்கள். கோடு போடாமல் நான் தட்டியதால் வரைபடம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து காட்டியிருக்கிறது. கறியும் கரியும் ஒன்றா கீதா? நம் மொழியில் அந்த ஒரு எழுத்து மாறினால் எவ்வளவு சிரிப்போம்! அங்கே ஒரே ஒலி ஆறு தொனியில் வரும், ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு. மேலே இருக்கிற கோடும் கொக்கியும் அலங்காரம் இல்லை, அதுதான் எழுத்தே. cà என்றால் தக்காளி, கத்தரிக்காய் வகையறா. கோட்டை மறுபக்கம் சாய்த்து cá என்று எழுதினால் மீன். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிய மெனுவில் கேமரா இந்தக் கோட்டைத் தவறவிடும், மீன் தக்காளியாகிவிடும். அச்சடித்த கார்டை ஓரளவு நம்பலாம். கையால் எழுதியதைக் கடைக்காரரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்.

அதோடு போயிருந்தால் ஒரு வேளைச் சாப்பாடு வீண் என்று விட்டிருப்பேன். ஆட்டுக்கறியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் அந்தக் கீரையைக் கேட்டேன். பரிமாறிய பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாய்?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் இல்லை என்று கையை ஆட்டினாள். எனக்குப் புரியவில்லை. கீரைதானே? அவள் என்னை அடுக்களைக்கே கூட்டிக்கொண்டு போனாள். அடுப்புக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். உள்ளே மஞ்சள் நிறத்தில் குருணை, கடலைமாவைக் கட்டியாக உதிர்த்தது போல. பொட்டலத்தின்மேல் பன்றி எலும்பும் இறைச்சித் துண்டும் படமாகப் போட்டிருந்தது. அதற்குப் பெயர் 'ஹாத் நேம்'. நாம் உப்பும் பெருங்காயமும் போடுகிற மாதிரி அவர்கள் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி போடுகிறார்கள். பக்கத்தில் ஒரு பாட்டில், நெத்திலியை உப்பில் ஊறவைத்து இறக்குகிற மீன்சாறு, 'நுவொக் மாம்'. அதற்குப் பக்கத்தில் சிப்பி சாஸ். கீரைக்கு இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் போகும், சில வேளை இரண்டு.

மூன்று நாள், கீதா. அறுபத்தெட்டு வயதுவரை முட்டை உடைத்த பாத்திரத்தைக்கூடத் தொடாதவள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. இளநீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். நெடுநேரம் கழித்து, "அந்தப் பொண்ணு கூப்பிட்டுக் காட்டலேன்னா இன்னும் ஆறு நாள் சாப்பிட்டிருப்போம். நாளைக்கு அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடு" என்றாள். எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த ராத்திரி உட்கார்ந்து யோசித்ததில்தான் எங்கே தப்பு என்று பிடிபட்டது. மெனு பெயரைச் சொல்கிறது, உள்ளே இருப்பதைச் சொல்வதில்லை. மொழிபெயர்ப்பு சரியாகவே இருந்தாலும் பெயர்தான் கிடைக்கும். 'பான் பேவ்' என்று ஒன்று, மொழிபெயர்த்தால் நீர்ப்பாசி அப்பம். கேட்டால் சைவம் மாதிரிதானே இருக்கிறது? பார்த்தால் குட்டி இட்லி, அரிசி மாவை ஆவியில் வேகவைத்தது. மேலே தூவியிருப்பது உலர்ந்த இறால் பொடி. 'பான் ஸேவ்' என்பது மஞ்சள்தூள் போட்ட அரிசிமாவுத் தோசை, மடிப்புக்குள் இறாலும் பன்றியும்.

கேட்கிற கேள்வியும் தப்பு. 'இறைச்சி இல்லாமல்' என்று கேட்டால் இறைச்சி இல்லாமல்தான் தருவார்கள், இறாலோடு. மீனும் இறாலும் அந்தச் சொல்லுக்குள் அடங்காது. 'காய்கறி மட்டும்' என்று கேட்டால் காய்கறி மட்டும்தான் வரும், மீன்சாறு ஊற்றி. அவர்கள் ஏமாற்றவில்லை. சாறும் குருணையும் அவர்களுக்கு உப்பு மாதிரி, உப்பை யாராவது பண்டம் என்று எண்ணுவார்களா? அதனால் நான் கேள்வியை மாற்றினேன். 'இதில் என்ன இருக்கிறது' என்று கேட்பதை விட்டு, 'உப்பு ருசிக்கு எதைப் போடுகிறீர்கள்' என்று கேட்டேன். ஆமாம், இல்லை என்று தலையாட்டித் தப்பிக்க முடியாது, பெயர் சொல்லியே ஆக வேண்டும். பெயர் புரியாவிட்டால் பொட்டலத்தைக் காட்டச் சொல்லலாம். அதே குருணை காளானில் செய்ததும் விற்கிறது, அதன்மேல் காளான் படமும் chay என்ற சொல்லும் இருக்கும்.

அடுத்து ஹுவே. அங்கே போய்ச் சேர்ந்தது பௌர்ணமி அன்று. அம்மாவுக்கு விரதம், அதனால் நான் எதுவும் தேடவில்லை. ஆனால் தெருவில் இறங்கினால் எங்கே பார்த்தாலும் கோடு இல்லாத chay பலகை! அங்கே பௌத்தர்கள் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுகிறார்கள். மற்ற நாளில் மாட்டுக்கறி விற்கிற அம்மாகூட அன்றைக்குச் சைவச் சட்டி வைக்கிறாள். அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. "இவங்களும் பௌர்ணமியா!" என்று தெருவில் நின்றுவிட்டாள்.

மாலையில் விகாரைக்குப் பக்கத்தில் ஒரு கடை. மெனுவைப் பிடித்தால் 'சைவ மாட்டிறைச்சி நூடுல்ஸ்', 'சைவக் கோழி' என்று காட்டியது. அம்மா எழுந்தேவிட்டாள். ஆனால் இந்த முறை மொழிபெயர்ப்பு சரி. அந்தச் சமையலில் சோயாப்பால் ஆடையும் காளானும் கோதுமைப் பசையும் கொண்டு கறி மாதிரியே செய்து, பெயரையும் அப்படியே வைத்துவிடுகிறார்கள். நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். கடைக்காரப் பாட்டி சோயா சாஸ் பாட்டிலையும் காளான் குருணையையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள், கேட்காமலே வெங்காயம், பூண்டு இரண்டையும் காட்டி விரலை ஆட்டினாள். அவர்கள் கடும் சைவத்தில் இரண்டும் கிடையாது. உன் அப்பாவின் அமாவாசைச் சமையல்தான்! முட்டையும் பொதுவாகச் சேர்ப்பதில்லை, சில கடையில் சேர்ப்பதால் அதை மட்டும் தனியாகக் கேள். அம்மா கறி மாதிரி இருந்த துண்டுகளை ஒதுக்கிவிட்டுச் சாற்றையும் நூடுல்ஸையும் முழுக்கச் சாப்பிட்டாள். ஐந்து நாளில் அதுதான் அவள் வயிறு நிறையச் சாப்பிட்ட சாப்பாடு.

கீழே இருப்பதை ஒரு எழுத்து, ஒரு கோடு மாறாமல் போனில் பெரிய எழுத்தில் வைத்துக்கொள். ஒரு காகிதத்திலும் எழுதி அப்பா சட்டைப்பையில் வை.

```
Tôi ăn chay trường.
Xin đừng cho nước mắm, dầu hào, hạt nêm, mỡ heo.
Món này nêm bằng gì?
```

முதல் வரி, நான் எந்நாளும் சைவம் என்பது. கடைசிச் சொல்லை விட்டுவிடாதே. அது இல்லாவிட்டால் இன்றைக்கு ஒரு நாள் விரதம் என்று எடுத்துக்கொள்ளலாம், அது இருந்தால் சட்டியைக் கழுவிவிட்டு வைக்கிறார்கள், நானே பார்த்தேன். இரண்டாவது, மீன்சாறு, சிப்பி சாஸ், குருணை, பன்றிக் கொழுப்பு வேண்டாம். மூன்றாவதுதான் அந்தக் கேள்வி.

பயணத் தேதியைப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வருகிற அவர்களுடைய முதல் நாளோ பதினைந்தாம் நாளோ நடுவில் விழுந்தால், அன்றைக்கு ஹுவேயில் இருக்கிற மாதிரி மாற்றிக்கொள்.

தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது, ஓசூரில். மாடி வீட்டு விஷயம் அப்படியேதான் இருக்கிறது, நேரில் சொல்கிறேன். உன் முட்டிவலி எப்படி? பதில் எழுது, போன் பண்ணாதே, உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. அம்மா உன் அப்பாவுக்கு ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் செய்து வைத்திருக்கிறாள். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போ.

அன்புடன்,
வசந்தி